கொடைக்கானல் ஜாம் கடல் தாண்டணும்னா எந்த வழி? எக்ஸ்போர்ட், லைசென்ஸ், ஜாயின்ட் வென்ச்சர், சொந்தக் கம்பெனி பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொடைக்கானல் பக்கம் ஒரு மீடியம் சைஸ் ஃபுட் கம்பெனியில எக்ஸ்போர்ட் பாக்குறேன். பிளம்ஸ் ஜாம், மலைவாழை ஜாம், மலைப்பூண்டு ஊறுகாய், பேஷன் ஃப்ரூட் ஸ்குவாஷ், இதுதான் எங்க சரக்கு. பண்ணைக்காடு, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் இதே தொழில்ல இருக்கறவங்க போன் போட்டுக் கேக்குற கேள்விகளைத்தான் இங்க எழுதியிருக்கேன். கணக்குல வர்ற ரூபாயெல்லாம் புரியறதுக்காக நான் போட்ட ரவுண்டு நம்பர், உங்க நம்பரைப் போட்டு மாத்திக்குங்க.

நாலு வழின்னு சொல்றாங்களே, நாலுக்கும் என்னதான் வித்தியாசம்?

எக்ஸ்போர்ட்னா சரக்கை இங்க செஞ்சு அனுப்புறோம், அங்க இருக்கற ஒருத்தர் வாங்கி விக்கிறார். லைசென்ஸ்னா நம்ம பேரையும் செய்முறையையும் அங்க ஒருத்தருக்குக் குடுக்குறோம், அவர் செஞ்சு வித்து நமக்கு ராயல்டி தர்றார். ஜாயின்ட் வென்ச்சர்னா அவரும் நாமளும் காசு போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறோம். சப்சிடியரின்னா அங்க நம்ம சொந்தக் கம்பெனி, லாபமும் நமக்கு, தலைவலியும் நமக்கு.

இதுல எது பெருசு எது சின்னதுன்னு பாக்காதீங்க. நம்மகிட்ட போனா திரும்ப வராத பொருள் மூணு இருக்கு: பேரு, செய்முறை, கடைக்காரரோட இருக்கற தொடர்பு. ஒவ்வொரு வழியிலயும் இதுல எது யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க, நான் எல்லாத்தையும் அப்படித்தான் பாக்குறேன். எக்ஸ்போர்ட்ல கடைத் தொடர்பு போகும், லைசென்ஸ்ல செய்முறை போகும், ஜாயின்ட் வென்ச்சர்ல மூணும் பாதிப்பாதி போகும், சப்சிடியரியில எதுவும் போகாது ஆனா காசு மொத்தமும் நம்ம தலையில.

எங்க டர்ன்ஓவர் 30 கோடி, துபாய்ல இருந்து ஒருத்தர் கேக்குறார், எதுல ஆரம்பிக்கறது?

எக்ஸ்போர்ட்லதாங்க. நம்ம தொழிலுக்கு அது இன்னும் பொருத்தம், ஏன்னா பழம் மலையில இருக்கு. பிளம்ஸ் சீசன் வந்துட்டா பறிச்ச பழம் ரெண்டு மூணு நாள்ல பல்ப் ஆகணும், அந்தப் பழத்தை துபாய்க்குக் கொண்டுபோய் அங்க ஜாம் போட முடியாது.

பேப்பர் வேலை நினைக்கிற அளவுக்குப் பெருசு இல்ல. வெளிநாட்டு வர்த்தகத்தைப் பாக்குற டிஜிஎஃப்டியில ஐஇசிங்கற எக்ஸ்போர்ட் நம்பர், உணவுப்பொருள் எக்ஸ்போர்ட்டைப் பாக்குற அபீடாவுல பதிவு, எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், நம்ம பேங்கைப் போர்ட்டுல பதியற ஏடி கோடு, வரி கட்டாம அனுப்ப ஜிஎஸ்டிக்கு எல்யூடிங்கற உறுதிமொழி, கஸ்டம்ஸ் வேலையைப் பாக்க ஒரு நல்ல சிஎச்ஏ கிடைச்சா முடிஞ்சுது. அந்தப் பக்கம் துபாய் முனிசிபாலிட்டியில ஒவ்வொரு ஐட்டத்தையும் லேபிளோட பதியணும், லேபிள்ல அரபி இருக்கணும், தயாரிச்ச தேதியும் காலாவதி தேதியும் தெளிவா இருக்கணும். இந்தியாவுக்கும் எமிரேட்ஸுக்கும் 2022 மே 1ல இருந்து சீபாங்கற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில இருக்கு, கஸ்டம்ஸ்ல சரக்கை வகைப்படுத்தற எச்எஸ் கோடுல ஜாம் 2007ல வரும், உங்க கோடுக்கு என்ன டியூட்டின்னு பாத்துட்டு, சலுகை இருந்தா சரக்கு இந்தியாவுல செஞ்சதுதான்னு காட்டற சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் எடுத்துக் குடுங்க, இத எடுக்காம விட்டு பையரை முழு டியூட்டி கட்டவச்சவங்க நிறையப் பேர் இருக்காங்க.

முதல் ஆர்டருக்கு காசு எப்படி வருதுங்கறதுதான் முக்கியம். பாதி அட்வான்ஸ், பாதி சரக்கு கப்பல் ஏறினதுக்கான பில் ஆஃப் லேடிங் காப்பிக்கு, அதுக்கு ஒத்துக்கலைன்னா அவர் பேங்க் பொறுப்பேத்துக்கற எல்சி. கடன் குடுத்துத்தான் ஆகணும்னா காசு வராம போனா ஈடு குடுக்கற இசிஜிசி பாலிசி எடுத்துட்டுக் குடுங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் தான் மட்டுமே விக்கணும்னு எக்ஸ்க்ளூசிவ் கேக்குறார். குடுத்தா அவர் நல்லா உழைப்பார்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதறேன், நாங்க அடிபட்ட இடம் இது.

எங்க முதல் வளைகுடா டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பேர் வேண்டாம்) ஒரு நாடு முழுசும் எக்ஸ்க்ளூசிவ் குடுத்தோம், காலக்கெடு போடல, குறைஞ்சபட்சம் இவ்ளோ வாங்கணும்னும் போடல. முதல் வருஷம் ரெண்டு கன்டெய்னர் எடுத்தார், ரெண்டாவது வருஷம் ஒண்ணு, மூணாவது வருஷம் ஒண்ணுமே இல்ல. விசாரிச்சா அவரே வேற ஒரு ஜாம் பிராண்டையும் எடுத்து விக்கிறார், எங்களோடதை ஷெல்ஃப்ல கீழ் தட்டுல வச்சு மத்தவங்க கையில போகாம பாத்துக்கறார், அவ்வளவுதான். சரி, வேற ஆளைப் பிடிப்போம்னு போனா எங்க பிராண்ட் பேரை அந்த நாட்டுல அவர் பேர்லயே டிரேட்மார்க் பண்ணி வச்சிருக்கார். லேபிள் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு வேணும்னு நாங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பர்ல ஒண்ணு அது. அந்தப் பேரை திரும்ப வாங்க ஒண்ணரை வருஷம் ஓடுச்சு, நடுவுல ஒரு பாட்டில்கூட உள்ள போகல.

அதனால சரக்கு கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி டிரேட்மார்க்கை உங்க பேர்ல போடுங்க. பல நாட்டுக்கும் சேர்த்து டிரேட்மார்க் கேக்கற மாட்ரிட் புரோட்டோகால்ல இந்தியா 2013ல சேர்ந்தது, மலேசியா 2019 கடைசியில, எமிரேட்ஸ் 2021 கடைசியில, அதனால இங்க நம்ம டிரேட்மார்க் ஆபீஸ்ல இருந்தே ஒரே அப்ளிகேஷன்ல இந்த நாடுகளைக் கேக்கலாம்.

ரெண்டாவது, எமிரேட்ஸ்ல கமர்ஷியல் ஏஜென்சின்னு ஒரு பதிவு இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் உங்க ஒப்பந்தத்தை அங்க ஏஜென்சியா பதிஞ்சுட்டார்னா அவருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துரும், வேற ஆள் மூலமா போற சரக்கை நிறுத்தச் சொல்லிக்கூட அவரால கேக்க முடியும். 2022ல புதுச் சட்டம் வந்து காலம் முடிஞ்ச ஒப்பந்தத்துல இருந்து வெளிய வர்றது முன்னைக்கு லேசாயிருக்கு, இருந்தாலும் ஒப்பந்தத்துல "இது ரெஜிஸ்டர்டு கமர்ஷியல் ஏஜென்சி இல்ல, பதியறதுக்கு அனுமதி இல்ல"ன்னு ஒரு வரி எழுதி அங்கத்து வக்கீல்கிட்ட காமிச்சிருங்க.

அப்போ எக்ஸ்க்ளூசிவே குடுக்கக் கூடாதான்னா, குடுக்கலாம், ஆனா சின்னதா வெட்டிக் குடுங்க. துபாயும் ஷார்ஜாவும் மட்டும், ரெண்டு வருஷம், முதல் வருஷம் மூணு கன்டெய்னர் ரெண்டாவது வருஷம் அஞ்சு, எடுக்கலைன்னா எக்ஸ்க்ளூசிவ் தானா போயிரும். இதுக்கு ஒத்துக்காதவர் விக்கிறதுக்காகக் கேக்கல, மத்தவங்களைத் தடுக்கத்தான் கேக்குறார்னு எடுத்துக்குங்க.

ரெசிபியை லைசென்ஸ் குடுத்துட்டு மாசாமாசம் ராயல்டி வாங்கினா நிம்மதிதானே?

முதல்ல கணக்கு. அங்க அவர் ஒரு பாட்டில் 5 திர்ஹாமுக்கு ஃபேக்டரியில இருந்து வெளிய விடறார், ராயல்டி 5 பர்சென்ட்னா நமக்கு 25 ஃபில்ஸ், திர்ஹாம் 23 ரூபாய்னு வச்சா பாட்டிலுக்கு ஆறு ரூபாய்கூட இல்ல. நாமளே அனுப்பினா பாட்டிலுக்கு 14, 15 ரூபாய் நிக்கும். ராயல்டிக்கு நாம முதல் போடலங்கறது உண்மைதான், ஆனா செய்முறை போயிருச்சு.

அந்தச் செய்முறையை எழுதிக் குடுக்கறதே லேசில்ல. மலேசியாவுல ஒரு பார்ட்டிக்கு பிளம்ஸ் ஜாம் ட்ரயல் போடச் சொல்லி எங்க புரொடக்ஷன் கார்டை அப்படியே அனுப்பினோம். அதுல "98 டிகிரி வந்ததும் இறக்கவும்"னு இருந்துச்சு, எங்க மாஸ்டர் வருஷக்கணக்கா அப்படித்தான் இறக்குறார். அங்க இருந்து போன்: ஜாம் தண்ணி மாதிரி ஓடுது, ஒட்டவே மாட்டேங்குது. பெக்டின் பழசா, பழம் புளிப்பு பத்தலையான்னு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டோம். அப்புறம்தான் புரிஞ்சுது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், இங்க தண்ணி சுமார் 93 டிகிரியிலேயே கொதிச்சுரும், சர்க்கரை ஏறி ஜாம் பதம் வரும்போது அதுக்கு மேல நாலு அஞ்சு டிகிரி, அதான் 98. அங்க கடல் மட்டத்துல தண்ணியே 100ல தான் கொதிக்கும், 98ல இறக்கினா ஜாம் இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கல! அங்க அதே பதத்துக்கு 104, 105 போகணும். கீழ இருந்து வர்ற சிப்ஸ் பாக்கெட் காட் ரோடு ஏற ஏற உப்பறதை தினமும் பாக்குறோம், அதே காத்தழுத்தம்தான் நம்ம அடுப்புலயும் வேலை செய்யுதுன்னு ஒருத்தருக்கும் தோணல. இப்ப எங்க கார்டுல டிகிரியே கிடையாது, ரிஃப்ராக்டோமீட்டர்ல சர்க்கரை அளவு 68 பிரிக்ஸ், புளிப்பு அளவு பிஎச் 3.2, அவ்வளவுதான்.

நான் சொல்ல வர்றது, லைசென்ஸ் குடுக்கணும்னா உங்க மாஸ்டர் கையில இருக்கற பக்குவத்தை அளக்கற மாதிரி எழுதணும், எழுதினதுக்கு அப்புறம் அது யாரு வேணா செய்யக்கூடியதா ஆயிரும். ரெண்டு வருஷத்துல லைசென்ஸ் எடுத்தவர் வேற லேபிள் ஒட்டி அதையே விக்கலாம்.

அதனால லைசென்ஸை ஊறுகாய் மாதிரி ஐட்டத்துக்கு வச்சுக்கலாம்னு நான் நினைக்கிறேன், அதுலயும் மசாலாவை நாமளே கலந்து பையில அனுப்பணும், அவர் அங்க எண்ணெயும் பூண்டும் சேர்த்துப் போடட்டும். கலவை நம்மகிட்ட இருக்கும், எத்தனை கிலோ மசாலா போச்சுன்னு பாத்தா எத்தனை பாட்டில் போட்டார்னு தெரியும், ராயல்டி கணக்குல ஏமாத்தவும் முடியாது. குறைஞ்சபட்ச ராயல்டியும் எழுதிருங்க. ஆனா ஒண்ணு, கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, அங்க சந்தையில வாங்கற வேற பூண்டைப் போட்டுட்டு லேபிள்ல அந்தப் பேரைப் போட முடியாது, போடவும் விடக் கூடாது.

ஜாயின்ட் வென்ச்சர்ல 51 பர்சென்ட் நமக்கு இருந்தா கன்ட்ரோல் நம்ம கையிலதானே?

பேப்பர்ல. பிரான்ஸ் உணவுக் கம்பெனி டானோன் சீனாவுல வஹாஹாங்கற பானக் கம்பெனியோட 1996ல ஜாயின்ட் வென்ச்சர் போட்டுச்சு, பிறகு டானோன் கையில 51 பர்சென்ட் இருந்துச்சு. ஆனா நிர்வாகமும் டீலர்களும் வஹாஹா ஆளுங்க கையில. ஜாயின்ட் வென்ச்சருக்கு வெளிய அதே பேர்ல தனி கம்பெனிகள் அதே சரக்கை வித்துச்சுன்னு டானோன் 2007ல சண்டைக்குப் போச்சு, பல நாட்டுல கேஸ் நடந்து கடைசியில 2009ல தன் பங்கை அவங்களுக்கே வித்துட்டு வெளிய வந்துச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே 51 உதவல.

என்னோட கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: பார்ட்னர் கொண்டு வர்றதைக் காசு குடுத்து வாங்க முடியுமா? குடோன், வேன், ஆபீஸ், லைசென்ஸ் இதெல்லாம் வாங்கிக்கலாம், அதுக்குப் பங்கு குடுக்காதீங்க. மலேசியாவுல ஜாக்கிம்ங்கற அரசுத் துறையோட ஹலால் சர்ட்டிஃபிகேட் வாங்கி ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கற ஃபில்லிங் லைன், அதோட முப்பது வருஷமா சப்ளை பண்ற ஓட்டல், கேட்டரிங் கஸ்டமர்கள்னு ஒருத்தர் வந்தா அதை நாம வெளிய வாங்க முடியாது, அப்போ பேசலாம்.

பேசும்போது கல்யாணத்துக்கு முன்னாடியே பிரிவைப் பேசணும், கஷ்டமா இருந்தாலும். பிராண்ட் ஜாயின்ட் வென்ச்சரோட சொத்தாகக் கூடாது, நம்ம பேர்லயே இருந்து வாடகை மாதிரி குடுக்கணும், பிரிஞ்சா அன்னைக்கே திரும்பணும். இங்க இருந்து போற பல்ப்புக்கு என்ன விலைங்கற ஃபார்முலாவையும் முதல்லயே எழுதணும், ஏன்னா நாம விலை ஏத்தினா லாபம் நமக்கு இங்க வரும், ஏத்தலைன்னா அங்க ரெண்டு பேருக்கும் பிரியும், சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

சொந்தக் கம்பெனி எப்போ போடலாம்? எத்தனை கன்டெய்னர் ஓடணும்?

கணக்கு போட்டுப் பாத்துருவோம். துபாய் கடையில நம்ம 300 கிராம் ஜாம் வாட் இல்லாம 10 திர்ஹாம். கடை 3 எடுத்துக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு 7க்குக் குடுக்கறார், அதுல அவருக்கு 1.75. மிச்சம் 5.25ல கப்பல், டியூட்டி, கிளியரிங் 55 ஃபில்ஸ் போனா நமக்கு எஃப்ஓபி, அதாவது இங்க கப்பல் ஏத்தற வரைக்குமான விலை, 4.70, சுமார் 108 ரூபாய்.

சொந்தக் கம்பெனி போட்டா அந்த 1.75 நமக்கு வரும். அதுக்காக டிரேட் லைசென்ஸ், ஆபீஸ், ரெண்டு ஆள் சம்பளம், விசா, குடோன் வாடகை, வேன், சூப்பர்மார்க்கெட் லிஸ்டிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து வருஷம் 4,20,000 திர்ஹாம்னு வைங்க. 1.75ஆல வகுத்தா 2,40,000 பாட்டில். ஒரு 20 அடி கன்டெய்னர்ல 24 பாட்டில் பெட்டி 1,500 போகுது, 36,000 பாட்டில். அப்போ வருஷம் ஏழு கன்டெய்னர்ல வரவும் செலவும் சமம்.

இத்தோட நிறுத்திட்டு ஏழு கன்டெய்னர் வந்ததும் கம்பெனி போட்டவங்க மாட்டிக்கறாங்க. டிஸ்ட்ரிபியூட்டரோட 1.75ல உடைஞ்ச பாட்டில், தேதி முடிஞ்சு திரும்பி வர்ற சரக்கு, காசு தராத கடை எல்லாம் அடக்கம், அதெல்லாம் இனிமே நம்மது. அதனால நான் பத்து கன்டெய்னருக்குக் கீழ தொடவே மாட்டேன், அதுவும் ரெண்டு வருஷம் தொடர்ந்து ஓடினதுக்கு அப்புறம். பத்து கன்டெய்னர்னா வருஷம் 3,60,000 பாட்டில், 108 ரூபாய்ல சுமார் 3.9 கோடி வியாபாரம். அப்புறம் முடங்கற பணம் இருக்கு: கப்பல்ல, குடோன்ல, கடைக்காரர் 90 நாள் கடன்ல எல்லாம் சேர்ந்து அஞ்சு மாசச் சரக்கு எப்பவும் வெளிய நிக்கும், நாலு கன்டெய்னருக்கு மேல, கிட்டத்தட்ட 1.6 கோடி. பிளம்ஸ் சீசன்ல விவசாயிக்குப் பணம் குடுக்க வேண்டிய அதே நேரத்துல இந்தப் பணம் அங்க மாட்டிக்கிட்டா பழம் வாங்க முடியாது, பழம் இல்லைன்னா அடுத்த வருஷ ஜாமே இல்ல. எங்களை மாதிரி கம்பெனி படுக்கறது நஷ்டத்தால இல்ல, இந்த மாதிரி சீசன்ல கை வறண்டுதான்.

சப்சிடியரின்னா ஃபேக்டரியும் அங்கயே போடணுமா?

வேண்டாம். விக்கிறதுக்கு மட்டும் ஒரு கம்பெனி போதும், ஜாம் இங்கயே காய்ச்சலாம். எமிரேட்ஸ்ல 2021 ஜூன்ல இருந்து ஃப்ரீ ஸோனுக்கு வெளியயும் பெரும்பாலான தொழில்ல நூறு பர்சென்ட் வெளிநாட்டுக்காரர் வச்சுக்கலாம், லோக்கல் ஸ்பான்ஸருக்கு 51 எழுதிக் குடுக்கற காலம் போயிருச்சு. ஃப்ரீ ஸோன்ல போட்டா ரீ-எக்ஸ்போர்ட்டுக்கு நல்லது, ஆனா ஊருக்குள்ள கடைகடையா போய் விக்கணும்னா மெயின்லேண்ட் லைசென்ஸ்தான் வசதி.

இதுக்கு ரிசர்வ் பேங்க் பர்மிஷன் வாங்கணுமா?

பெரும்பாலும் தேவையில்ல, அந்நியச் செலாவணி பாக்குற உங்க ஏடி பேங்க் மூலமாவே ஆட்டோமேட்டிக் ரூட்ல போகலாம். 2022 ஆகஸ்ட்ல வந்த ஓவர்சீஸ் இன்வெஸ்ட்மென்ட் விதிப்படி உங்க நெட்வொர்த்ல 400 பர்சென்ட் வரைக்கும் போடலாம். முதல் ரூபாய் போறதுக்கு முன்னாடி ஃபார்ம் எஃப்சி குடுத்து யூஐஎன் நம்பர் வாங்கணும், அதுக்கப்புறம் வருஷாவருஷம் டிசம்பர் 31க்குள்ள அந்தக் கம்பெனி எப்படி நடக்குதுன்னு சொல்ற ஏபிஆர் ரிப்போர்ட். இந்த ஏபிஆரை மறந்தா அந்தக் கம்பெனிக்கு அடுத்த தவணைப் பணம் அனுப்ப விடமாட்டாங்க, ஆடிட்டர் பாத்துப்பார்னு விட்டுராதீங்க. ஜாயின்ட் வென்ச்சருக்கும் இதேதான்.

டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருந்து சொந்தக் கம்பெனிக்கு மாறலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அவர் குடுக்கற ரிப்போர்ட்டை நம்பலாமா?

அவர் ரிப்போர்ட்ல இருக்கறது அவர் நம்மகிட்ட வாங்கினது, கடையில வித்தது இல்ல. குடோன்ல தேங்கி நின்னாலும் அவர் கணக்குல வித்த மாதிரிதான் தெரியும்.

வருஷம் ரெண்டு தடவை நேர்ல போங்க. கராமா, பர் துபாய், ஷார்ஜா ரோலா பக்கம் ஒரு இருபது கடைக்குள்ள சும்மா நுழைஞ்சு பாட்டிலைத் திருப்பி பேட்ச் நம்பரைப் பாருங்க, ஒரு நோட்ல கடைப் பேரும் பேட்ச்சும் எழுதுங்க. எங்க ஜாமுக்கு 18 மாசம் ஆயுசு. கப்பல் போற நாளையும் சேர்த்து, தயாரிச்சு மூணு நாலு மாசம்தான் ஆன பேட்ச் பெரும்பாலான கடையில இருந்தா சரக்கு ஓடுதுன்னு அர்த்தம். பத்து மாசப் பழைய பேட்ச்தான் தூசியோட நிக்குதுன்னா அவர் எத்தனை கன்டெய்னர் வாங்கியிருந்தாலும் மாறுற நேரம் இல்ல, முதல்ல விலையையும் ருசியையும் பாக்கணும்.

போன தடவை நான் எழுதின நோட்ல இருபதுல பதிமூணு கடையில புது பேட்ச், நாலு கடையில சரக்கே தீர்ந்து தட்டு காலி, மூணுல பழசு. அந்தத் தட்டு காலியா இருந்த நாலு கடைக்காரங்களும் ஒரே மாதிரி சொன்னது, சேல்ஸ்மேன் மாசத்துக்கு ஒருதரம்தான் வர்றான், கேட்டாலும் சரக்கு வர்றதில்லன்னு. அதான் சொந்தக் கம்பெனிக்கு மாற எங்களுக்குக் கிடைச்ச முதல் காரணம், அந்தத் தடவைதான் டிஸ்ட்ரிபியூட்டரோட ஒப்பந்தம் முடியற தேதியை எடுத்துப் பாத்து, எட்டு மாசம் முன்னாடியே நோட்டீஸ் எழுத உக்காந்தோம்.